பைக்கு முன்னால் நின்ற சொல்

பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு இணையக் கடைகளின் விளம்பர வரிகளைப் பல மொழிகளில் சரிபார்த்து அனுப்புகிறோம். நாளிதழில் துணையாசிரியராக இருந்த நான், நாளிதழ் சுருங்கியபோது இங்கே வந்தேன். ஸ்பானிஷ் மொழியை மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஸ்பானிஷ் பிரிவில், மெக்சிகோவிலிருந்து வந்த தலைவியின் கீழ் ஓர் இடம் காலியானபோது இருவர் கேட்டோம்: நானும், அடுத்த மேசைப் பெண்ணும்.

அவள் பண்டமாரானிலிருந்து ரயிலேறி வருபவள். வகுப்புக்கெல்லாம் போனதில்லை. முன்பு ஒரு தொலைபேசிச் சேவை மையத்தில், கோபமாக அழைக்கும் தென்னமெரிக்க வாடிக்கையாளர்களைச் சமாதானம் செய்தே மொழியைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஸ்பானிஷில் பேசினால் தலைவி சிரிப்பார். நான் பேசினால், பொறுமையாகக் காத்திருப்பார்.

யாருக்கு இடம் என்று முடிவு செய்ய, எங்கள் இருவருக்கும் ஒரே கோப்பைக் கொடுத்தார்கள். கைப்பை விளம்பரம். கடைக்காரர் மனம் மாறி, கைப்பைக்குப் பதில் முதுகுப்பை விற்க முடிவு செய்திருந்தார். ‘போல்சோ’ என்ற இடத்திலெல்லாம் ‘மொச்சிலா’ வர வேண்டும். முன்னது ஆண்பால், பின்னது பெண்பால். ஸ்பானிஷில் பெயர்ச்சொல் மாறினால், அதை வர்ணிக்கும் சொல்லும் பாலிலும் எண்ணிலும் கூடவே மாற வேண்டும். கறுப்புக் கைப்பை ‘நேக்ரோ’. கறுப்பு முதுகுப்பை ‘நேக்ரா’. பல என்றால் ‘நேக்ராஸ்’.

மதியத்துக்குள் முடித்துவிட்டேன். திரும்பப் படிக்க நேரம் இருந்தது. ஆனால் கோப்புகள் கணினியில், எல்லோரும் திறக்கக்கூடிய பொது இடத்தில் இருந்தன. நான் அவளுடையதைத் திறந்தேன்.

அவள் வேலை செய்யும் விதமே வேறு. நான் அச்சுப்படி திருத்துகிறவனைப் போல இடமிருந்து வலமாகப் போவேன். அவள் வரியின் நடுவில் பையைத் தேடிப் பிடிப்பாள். “மொதல்ல சாமான் எதுன்னு பாப்பேண்ணே. அப்புறம் அதுக்கு முன்ன யாரு நிக்கிறா, பின்ன யாரு நிக்கிறான்னு பாப்பேன். அவ்ளோதான் லா” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சந்தையில் மீன் பொறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவள் கோப்பை வரி வரியாகத் துருவினேன். ‘நல்ல’ என்பதற்குக் கைப்பையின் முன் ‘புவேன்’ என்றிருந்ததை ‘புவேனா’ என்று மாற்றியிருந்தாள். ‘முதல்’ என்பதற்கான ‘பிரிமேர்’, ‘பிரிமேரா’ ஆகியிருந்தது. ஆனால் ‘மகத்தான’ என்கிற ‘கிரான்’ மட்டும் பழையபடி ‘கிரான்’ என்றே நின்றது. பிடித்துவிட்டேன். நாளிதழில் அடுத்தவன் தலைப்பில் பிழை கண்டபோதுகூட அவ்வளவு இன்பம் வந்ததில்லை.

மறுநாள் காலை தலைவி தன் மேசைக்கு இருவரையும் கூப்பிட்டார். நான் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டேன்.

“இவங்க ஒரு சொல்ல மாத்த மறந்துட்டாங்க. கிரான்.”

அவள் முகம் வெளுத்தது. “எதண்ணே?”

தலைவி திரையைப் பார்த்தார், பிறகு என்னை. “மறக்கவில்லை. பெயருக்கு முன்னால் ஒருமையில் வந்தால், ஆணோ பெண்ணோ, கிரான்தான். பன்மை என்றால்தான் கிராண்டேஸ்” என்றார் ஆங்கிலத்தில். பிறகு என் கோப்பைத் திறந்து, முதல் வரியை வாசிக்கச் சொன்னார்.

“லா நுவேவோ மொச்சிலா நேக்ரா” என்று வாசித்தேன். ‘புதிய கறுப்பு முதுகுப்பை.’ காதில் எதுவும் இடறவில்லை.

பக்கத்திலிருந்து அவள்தான் மெதுவாகச் சொன்னாள். “அண்ணே, நுவேவா.”

அடுத்த வரி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. பின்னால் வந்த ஒவ்வொரு சொல்லையும் சரியாக மாற்றியிருந்தேன். முன்னால் நின்றவற்றில் ‘எல்’ என்ற சின்ன முன்சொல்லை மட்டும் ‘லா’ ஆக்கி, மற்றதை விட்டிருந்தேன். பெயருக்குப் பின்னால் வருவது எனக்கு அந்நியம். அங்கே என் கண் விழித்திருந்தது. முன்னால் நிற்பதோ பழகிய இடம். நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள் என்று தமிழில் அது யாருக்காகவும் மாறுவதில்லை. அவளும் தமிழ்ப் பெண்தான் என்பதைச் சேர்த்துக்கொண்டால், இந்தச் சமாதானம் நிற்காது.

இடம் அவளுக்குப் போனது. அன்று மாலை எனக்கு ஒரு கோப்பை தே தாரிக் வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

“கோவமாண்ணே?”

“எனக்கென்ன கோவம்.”

“நீங்க சொன்னதும் நெஞ்சே நின்னுருச்சு. ஆனா என் ஃபைல அவ்ளோ கவனமா பாத்தீங்களே. வேற யாரு பாப்பா?”

கேலியா என்று அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் இப்போது தலைவிக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் ஸ்பானிஷில் பேசிச் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் நான் முதலில் பெயரைத் தேடுகிறேன், பிறகு முன்னால், பிறகு பின்னால். அவள் சொன்னபடியே. அவள் பேச்சில் ஒரு பிழையாவது விழாதா என்றும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை விழவில்லை.