பெயர் சொல்லத் தெரியாத நாற்பத்தொரு பேர்

சேலையூர் யக்ஞநாராயணன் அரைகுறையாக எதையும் விடாதவர் என்று பெயர் வாங்கியவர். முப்பது வருடத்துக்கும் மேல் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்தார். அவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பதை இளைஞர்கள் ஒரு போட்டியாகவே வைத்திருந்தார்கள், பெரும்பாலும் தோற்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. காய்கறியைக்கூட அளவாக நறுக்கச் சொல்கிறார் என்று மனைவி பட்டு அலுத்துக்கொண்டாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு அறக்கட்டளைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவளே துரத்தாத குறையாக அனுப்பிவைத்தாள்.

வழி தவறி வந்தவர்களையும் தெருவில் கிடந்தவர்களையும் வைத்துப் பார்க்கும் காப்பகங்கள் பல்லாவரம் முதல் வண்டலூர் வரை பதினெட்டு இருந்தன. தங்களிடம் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அவை அந்த அறக்கட்டளைக்கு விவரம் அனுப்பும். ஆளைக் காணோம் என்று தேடி வருபவர்களுக்கு, அலுவலகத்து முன் மேசையில் இருக்கும் பிரிட்டோ கம்ப்யூட்டரில் தேடிச் சொல்வான். விவரம் ஜேசன் (JSON) என்ற கணினி வடிவில் வரும். பெயர், வயது, அங்க அடையாளம், குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஒரு புரோகிராம் தானாக ஓடி, வந்திருப்பதையெல்லாம் டேட்டாபேஸில் எழுதும்.

அவர் சேர்ந்தபோது அது அலங்கோலமாகக் கிடந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்று பதினேழு பேர். யாரோ ஒருவர் வயதில் ‘அறுபது இருக்கும்’ என்று எழுத, எண்ணை எதிர்பார்த்த டேட்டாபேஸ் அதை ஏற்காமல், புரோகிராம் பாதியில் நின்றது. பின்னால் வரிசையில் இருந்த காப்பகங்களின் விவரம் ஒன்றுகூட அன்று ஏறவில்லை.

யக்ஞநாராயணன் ஒரு ஸ்கீமா எழுதினார். எந்தத் தகவல் கட்டாயம், எது எழுத்தாக வர வேண்டும், எது எண்ணாக வர வேண்டும் என்று சொல்லும் விதிப் பட்டியல். பெயர் கட்டாயம், ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும், ‘தெரியாது’ போன்ற சொற்கள் செல்லாது. வயது முழு எண். ஒவ்வொரு பதிவையும் எழுதுவதற்கு முன் புரோகிராம் அந்த விதிகளோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துவராததை, காரணத்தோடு தனி அட்டவணையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அதன் பிறகு புரோகிராம் ஒரு நாளும் நிற்கவில்லை. ‘சார் வந்தப்புறம்தான் இது உருப்பட்டது’ என்று பிரிட்டோ எல்லோரிடமும் சொன்னான்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. தள்ளப்பட்ட பதிவுகளைப் பற்றி அந்தந்தக் காப்பகத்துக்குத் தகவல் போக வேண்டும். அடுத்த வாரம் செய்யலாம் என்று நினைத்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது.

பம்மல் ஜாஸ்மின் அந்த அலுவலகத்துக்கு நான்காவது முறையாக வந்த வெள்ளிக்கிழமை, பிரிட்டோ விடுப்பு. யக்ஞநாராயணன்தான் முன் மேசையில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. கையில் அப்பாவின் படம் போட்ட நோட்டீஸ் கட்டு.

“சவுரிமுத்து, வயசு அறுபத்தெட்டு. இன்னொரு வாட்டி பாருங்க சார். காணாமப் போயி பதினாறு நாள் ஆச்சு.”

அவர் தேடினார். சவுரிமுத்து என்று ஒருவரும் இல்லை. எழுத்துப் பிழை இருக்கலாம் என்று வேறு மாதிரியும் தட்டிப் பார்த்தார்.

“இல்லம்மா. வந்திருந்தா கண்டிப்பா இதுல இருக்கும்.”

“டீ குடிக்கப் போறேன்னு போனாரு சார். தோல் பதனிடற ஷெட்டுல வேல பாத்தவரு. ரெண்டு வருசமா மறதி. எங்க கீறோம்னே தெரியாது. யாராச்சும் புட்ச்சு வெச்சிருந்தாலும், அவருக்கு அவரு பேரே சொல்ல வராதே சார்.”

யக்ஞநாராயணனின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. பெயர் சொல்லத் தெரியாத ஒருவருக்குக் காப்பகத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

தள்ளப்பட்ட பதிவுகளின் அட்டவணையைத் திறந்தார். நாற்பத்தொன்று இருந்தன. பெயர் காலி, பெயர் காலி, பெயர் காலி. தேதியை வைத்துக் கீழே வந்தார். வண்டலூர் காப்பகம், பதினைந்து நாள் முன்பு. வயது: ‘65 - 70’. அடையாளம்: இடது கட்டைவிரலில் நகம் இல்லை. குறிப்பு: ‘ஜாசு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.’

“உங்கப்பாவுக்கு இடது கட்டைவிரல்ல…”

“நகம் இருக்காது. மிஷின்ல மாட்டிக்கிச்சு.” அவள் எழுந்துவிட்டாள். “கீறாரா சார்?”

அவர் வண்டலூருக்குப் போன் செய்தார். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்லியம்மாள் எடுத்தாள்.

“அந்தப் பெரியவரா? நிமோனியா சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். புதன்கிழமை காலையில போயிட்டாரு. உடம்பு இன்னும் பிணவறையிலதான் இருக்கு. அவரு விவரத்த அன்னிக்கே அனுப்பினேனே சார். ‘பெற்றுக்கொண்டோம்’னு பதில்கூட வந்துதே” என்றாள்.

வந்திருக்கும். ஃபைல் வந்து சேர்ந்ததும் தானாகப் போகிற பதில் அது. ஒத்துப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

ஜாஸ்மினிடம் அதை எந்த வார்த்தையில் சொன்னார் என்று அவருக்குப் பின்னால் நினைவில்லை. அவள் அழவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து திரையில் இருந்த குறிப்பைப் படித்தாள்.

“நா மொத வாட்டி வந்தன்னிக்கு இது இங்க இருந்திச்சா?”

“இருந்தது.”

“அப்ப எங்கப்பா உசுரோட இருந்தாரு.”

“ஆமாம்மா.”

“அப்புறம் ஏன் சார் இல்லேன்னாங்க?”

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். “பேர் இல்லாம வந்தா எடுத்துக்கக் கூடாதுன்னு நான்தான் எழுதி வெச்சேன்” என்றார். “தள்ளினதை யாரும் பாக்கல. நானும் பாக்கல.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நோட்டீஸ் கட்டை எடுத்துப் பையில் வைத்தாள். “என்னோட வாங்க சார். எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது” என்றாள்.

பிணவறையிலும் காவல் நிலையத்திலுமாக அன்றைய பகல் முழுவதும் போயிற்று. அவர் படிவங்களை நிரப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் உறவுக்காரர்களுக்குப் பின்னால் நின்றார். அவர் யாரென்று யாரும் கேட்கவில்லை. ஜாஸ்மின் சொல்லவும் இல்லை.

மற்ற நாற்பது பேரையும் திங்கட்கிழமைக்குள் பார்த்து முடித்தார். அவர்களில் எட்டுப் பேரைத் தேடி வீட்டார் ஏற்கெனவே வந்து, இல்லையென்ற பதிலோடு திரும்பியிருந்தார்கள். அந்த எட்டில் ஐந்து பேர் உயிரோடு இருந்தார்கள். வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள். ஸ்கீமாவை மாற்றினார். பெயர் காலியாக வரலாம். வந்தால் அடையாளமும் சேர்ந்த தேதியும் கட்டாயம். வயதுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள். அப்படியும் தள்ளப்படுவது எதுவானாலும் காரணத்தோடு உடனே காப்பகத்துக்கும் பிரிட்டோவுக்கும் செய்தி போகும்.

நிர்வாகக் கூட்டத்தில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. “சார், பழையபடி இருந்திருந்தா பாதி விவரம் ஏறியே இருக்காது” என்றான் பிரிட்டோ. அது உண்மைதான். ஆனாலும் அவருக்கு அது எதற்கும் பதிலாகத் தோன்றவில்லை.

அன்றிரவு வீட்டில் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். பட்டு கேட்டாள்: “அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாளா?”

“திட்டியிருந்தா பரவாயில்ல பட்டு. அன்னிக்குப் பிணவறையிலேருந்து பஸ்ஸுல வரும்போது, சாப்ட்டீங்களா சார்னு கேட்டா.”

பட்டு தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து சவுரிமுத்துவின் இறப்புச் சான்றிதழ் விஷயமாக ஜாஸ்மினுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் செய்தார். பிறகு வேண்டிய காகிதங்களைத் தபாலில் அனுப்பினார். உறையின் மேல் அவள் பெயரை எழுதி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து, மேற்குத் தாம்பரம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றார்.