கேட்டு பூட்டிக் கிடந்த அத்தியாயம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஹரிஹரனின் காபிக் கடை மாடியில் கௌரிக்கு ஒரு மேசை இருந்தது. சேலத்து ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளையான ஹரிஹரன் மலைக்கு வந்து கடை போட்டு, மலைவாசிகளைப் பேசவைத்து ஒரு பாட்காஸ்ட் நடத்திக்கொண்டிருந்தான். அதே மலையிலுள்ள செம்மநத்தத்துக்காரி கௌரி, பி.காம் முடித்து, ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் நான்கு வருடம் சிரித்துச் சலித்தபின் அவனிடம் சேர்ந்தாள்.

வேலை இதுதான். பேச்சைக் கணினி எழுத்தாக்கித் தரும். அது எழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே. 'ஊட்டுக்குப் போனேன்' என்றால் 'ஊட்டிக்குப் போனேன்' என்று எழுதும். யார் பேசுகிறார்கள் என்பதையும் மாற்றிப் போடும். கௌரி ஒலியைக் கேட்டுக்கொண்டே அதைத் திருத்துவாள். பேச்சு எங்கே திரும்புகிறது என்று பார்த்துப் பிரிப்பாள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைப்பு, அது தொடங்கும் நிமிடம், நொடி. முதல் தலைப்பு 00:00 என்றுதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் யூடியூபில் அத்தியாயமே பிரியாது. கடைசியில் நாலு வரிச் சுருக்கமும் மூன்று லிங்க்கும்.

"முழுசா யாருங்க கேக்கறாங்க? தலைப்பப் பாத்துத் தாவித் தாவித்தான் கேக்கறாங்க," என்று ஹரிஹரனே அடிக்கடி சொல்வான். அதனால்தான் கௌரி தலைப்புகளுக்கு அத்தனை மெனக்கெட்டாள்.

காப்பிப் பழம் பறிக்கும் பெண் ஒருத்தி பேச வேண்டும் என்று ஹரிஹரன் கேட்டபோது, அவள் தன் அத்தை காளியாயியைக் கூட்டிவந்தாள். காளியாயி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நானென்னத்தக் கண்ணு பேசறது? பழம் பறிச்சேன், சொமந்தேன். அவ்வளவுதான."

"செல்வியப் பத்திப் பேசுங்க அத்தே. யாராச்சும் கேக்கட்டும்."

காளியாயி வந்து உட்கார்ந்து பேசினாள். பழம், பனி, அட்டைக்கடி, கூலி எல்லாம் பேசிவிட்டு, ஹரிஹரன் கேட்காமலே மகளின் கதைக்குப் போனாள். செல்விக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வலி கண்டது. ஜீப்பில் ஏற்றினார்கள். எஸ்டேட்டுக்குள் போனால்தான் சீக்கிரம் ஆஸ்பத்திரி சேரலாம். கேட்டு பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சேலத்தில். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டருக்குப் போன் போட்டார்கள். முதலாளியைக் கேட்காமல் பூட்டை உடைக்கக் கூடாது என்றான் ரைட்டர். சுற்றுவழியில் திரும்பினார்கள். பாதி வழியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது.

கணினி அந்த இடத்தில் 'கேட்டு போட்டு கிடந்தது' என்று எழுதியிருந்தது. பேச்சை வெட்டி ஒட்டும் நந்தினி சேலத்திலிருந்து அனுப்பிய இறுதி ஒலியைக் கௌரி காதில் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, 'கேட்டு பூட்டிக் கெடந்துச்சு' என்று திருத்தினாள். பக்கத்தில் 29:10 என்று குறித்து, தலைப்பு போட்டாள்: 'எஸ்டேட் கேட்டு திறக்காததால் இறந்த செல்வி'.

ஹரிஹரன் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கௌரி, இது வேண்டாங்க. அந்த எஸ்டேட்தான் இப்ப ரிசார்ட் ஆயிருக்கு. நம்ம ஸ்பான்சரே அவங்கதான். உங்களுக்கே தெரியும்."

"தெரியுமுங்க சார். அத்த சொன்னதத்தான் போட்டிருக்கேன்."

"சொன்னத நான் வெட்டலையே. ஒரு வார்த்தகூட வெட்டல. ஆடியோவுல அப்படியே இருக்கு. தலைப்ப மட்டும் கொஞ்சம் நல்லபடியாப் போடலாம். 'ஒரு மலைத்தாயின் மனவுறுதி'ன்னு போடுங்க."

"அதப் பாத்தா யாருக்கு என்ன சார் தெரியும்?"

"கேட்டா தெரியுமில்லைங்க?" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

சுருக்கத்திலும் செல்வி பெயர் போயிற்று. பேறுகால உதவித் திட்டத்தின் லிங்க்கை எடுத்துவிட்டு, ரிசார்ட்டில் அறை பதியும் லிங்க்கை முதலில் வைக்கச் சொன்னான். கௌரி வைத்தாள். தன் கையாலேயே தலைப்பை அழித்து, மனவுறுதியைத் தட்டினாள். ஒலி வெட்டுப்படவில்லை என்பதை அன்று முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எபிசோடு வந்த அன்று சாயங்காலம் காளியாயியின் வீட்டுக்குப் போனாள்.

"எம்புள்ள பேரு வந்திருக்குதா கண்ணு?"

"வந்திருக்கு அத்தே. இருங்க, அந்த எடத்தையே போடறேன்."

29:10-ஐத் தொட்டாள். இசை எழுந்தது. பிறகு ஒரு பெண் குரல், தேன் வழிய: "மேகங்களோடு கண்விழிக்க, குடும்பத்தோடு வாருங்கள்..." ரிசார்ட்டின் பெயரை இரண்டு முறை சொல்லிற்று. எஸ்டேட்டின் பழைய பெயரேதான் அது.

கௌரி நேரம் குறித்து முடித்தபின், பேச்சு திரும்பும் இடமாகப் பார்த்து விளம்பரத்தைச் செருகியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த தலைப்புகள் எல்லாம் நேரம் பிசகி நின்றன. இந்தத் தலைப்பு மட்டும் பிசகாமல் விளம்பரத்தின் வாசலில் போய் நின்றது.

"இது யாரு பேசறது?" என்றாள் காளியாயி.

"வெளம்பரமுங்க அத்தே. இப்ப உங்க பேச்சு வரும்."

வந்தது. காளியாயி தன் குரலைக் கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அவங்க பேரச் சொல்லிட்டு எம்புள்ளையச் சொல்றாங்க," என்றாள். "மேல எழுதியிருக்குதே, என்னன்னு?"

கௌரி படித்துக் காட்டினாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மனவுறுதியா? எனக்கா?" காளியாயி சிரித்தாள். "இத யாரு கண்ணு எழுதுனது?"

"நாந்தான். அவரு மாத்தச் சொன்னாருங்க."

"சரி, சாமி. உம் பொழப்பு."

அடி வாங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும். கௌரி அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து, போனிலேயே சேனலுக்குள் நுழைந்தாள். குறிப்புகளைத் திருத்தும் அனுமதி அவளுக்கு இருந்தது. பழைய தலைப்பை எழுதினாள். நேரத்தை விளம்பரத்துக்கு அப்பால் நகர்த்தி, பின்னால் இருந்தவற்றையும் அந்த அளவுக்குத் தள்ளினாள். அறை பதியும் லிங்க்கை எடுத்தாள். சேமித்துவிட்டு நிமிர்ந்தபோது காளியாயி உள்ளே போய் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, திருத்தியது எல்லாம் பழையபடி இருந்தது. அனுமதியும் போயிருந்தது. மாடிக்குப் போனாள். ஹரிஹரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னைக் கேட்டிருக்கலாமில்லைங்க கௌரி? ரிசார்ட் ஆபீசுலருந்து காலைல போன்."

"அன்னைக்கே கேட்டேனே சார்."

வேண்டுமானால் கீழே கடையில் பில் போடலாம் என்றான். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த எபிசோடை நிறையப் பேர் கேட்டார்கள். மனவுறுதிக்குக் கைகூப்பிக் கருத்துப் போட்டார்கள். கேட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஹரிஹரன் இதயப் படம் ஒன்று போட்டிருந்தான்.

காளியாயி இப்போதும் பஸ்ஸில் பார்த்தால் நல்லா இருக்கியா கண்ணு என்று கேட்கிறாள். செல்வியின் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. ஒருமுறை கௌரி தானாக எடுத்தபோது, "அது போதுஞ்சாமி. ஒருக்காச் சொன்னது போதும்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கௌரி இப்போது வீட்டிலிருந்தே சென்னைக்காரர்கள் சிலருக்கு இதே வேலையைச் செய்கிறாள். பங்குச் சந்தை, தொழில் தொடங்குவது, உடல் எடை குறைப்பது. தலைப்பு, நேரம், லிங்க். வேகமாக முடித்துவிடுகிறாள். பேசுகிறவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதற்கு என்ன தலைப்பு வைத்தாலும் அவளை யாரும் கேட்கப்போவதில்லை.