நசுங்கி வந்த வொஷிங் மெஷின்

கோட்டையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கப்பல் சரக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். வழியில் உடைந்துபோன பொருட்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கடிதங்களை வாசிப்பதுதான் என் தொழில். அப்படியான கடிதமொன்றை எனக்காக நானே எழுதியது ஓய்வு பெற்ற பிறகுதான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் மூன்றாம் மாடி. ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேர் புது வொஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான லொறி ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். ஹட்டன் பக்கம் பிறந்து இப்போது கொலன்னாவையில் இருக்கிறார். பெட்டியைப் பூப்போல இறக்கிவைத்துவிட்டு டெலிவரி நோட்டை நீட்டினார். பெட்டியின் ஒரு கீழ்மூலை நசுங்கியிருந்தது. திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இன்னும் நாலு வீடு இருக்கிறது என்றார். ஆனாலும் பெட்டியை வெட்டினார்.

பின்பக்கத் தகடு உள்ளே போயிருந்தது. ஒரு கால் வளைந்திருந்தது. அடிபடாமல் இருக்க அடியில் மெத்தைபோல வைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் இரண்டாகப் பிளந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் சீமெந்துத் துண்டுகள் கிடந்தன. மெஷின் துள்ளாமல் இருக்க உள்ளே பாரமான சீமெந்துக் கட்டி வைத்திருப்பார்கள். அது உடைந்திருக்கிறது என்றால் மெஷின் எங்கேயோ பலமாக விழுந்திருக்கிறது.

டெலிவரி நோட்டின் இரண்டு பிரதிகளிலும் கண்டதை எழுதத் தொடங்கினேன். ஓட்டுநரின் முகம் மாறிவிட்டது.

"அம்மா, இத எழுதினா நாங்கதான் போட்டு உடைச்சோம்னு சொல்லுவாங்க. எங்க வேலை போயிரும்."

எழுதாமல் விட முடியாது. ஆனால் அவர் சொன்னது என்னை நிறுத்தியது. மறுபடியும் பெட்டியைப் பார்த்தேன். நசுங்கிய மூலையின் மேல் வேறு நிற டேப் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது. இந்த டேப் நீங்கள் ஒட்டியதா என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. கடை ஸ்டோர்ஸ்ல ஏத்தும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நாங்க யாருகிட்ட சொல்றது?"

அந்த டேப்பைப் பற்றியும் எழுதினேன். பிறகு பெட்டி, டேப், ரெஜிபோம், தகடு, தொடர் இலக்கம் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்தேன். பெட்டியை வீச வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அன்று பின்னேரம் கடைக்கு ஃபோன் பண்ணினால், ஆள் அனுப்பித் தகட்டை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். என் கணவருக்கு அது போதும்.

"இதைப் பெரிசாக்காதையும். தகட்டை மாத்தித் தந்தால் காணும்தானே."

"புதுசு எண்டுதானே வாங்கினனாங்கள்? திருத்தினது எனக்கு வேண்டாம்" என்றேன்.

கடைக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. பில் இலக்கம், மொடல், தொடர் இலக்கம், கொண்டுவந்த நாள், திறந்தபோது கண்டது. மின்சாரத்திலோ தண்ணீர்க் குழாயிலோ இன்னும் இணைக்கவில்லை என்பது. திருத்த வேலை ஏற்க மாட்டேன், ஏழு நாளுக்குள் இதே மொடலில் புதியது தர வேண்டும் என்பது. கடைசிப் பந்தியை எழுதத்தான் நேரம் எடுத்தது. நசுங்கிய மூலையில் லொறியில் ஏற்றுமுன்பே டேப் ஒட்டப்பட்டதாகத் தெரிகிறது, கொண்டுவந்தவர்கள் என் கண்முன்னே கவனமாகவே கையாண்டார்கள் என்று எழுதினேன். எங்கே விழுந்தது என்பது எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தேன். தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய கடிதங்கள் எப்படித் தோற்றன என்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலி வீதியில் இருந்த கடைக்கு நானே கொண்டுபோனேன். என் பிரதியில் 'கிடைத்தது' என்று முத்திரை குத்தி வாங்கினேன். மனேஜர் சிங்களத்தில்தான் பேசினார், மரியாதையான இளைஞர். வெளித்தகடு மட்டும்தானே என்றார். உடைந்த சீமெந்துக் கட்டியையும் மாற்றுவீர்களா, உள்ளே வேறு எது ஆடிப்போயிருக்கிறது என்று யார் சொல்வது என்று சிங்களத்திலேயே கேட்டேன். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். டேப் படத்தை அவர் இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு டெக்னீஷியன் வந்து பார்க்கட்டும் என்றார்.

புதன்கிழமை டெக்னீஷியன் வந்து பின்தகட்டைக் கழற்றினார். கட்டி நடுவில் வெடித்திருந்தது. இதைப் போட்டால் சுற்றும்போது வீடே ஆடும் என்று சொல்லி, மாற்றித் தரவேண்டும் என்று தன் தாளில் எழுதினார். வெள்ளிக்கிழமை வேறு இருவர் புது மெஷினைக் கொண்டுவந்து பழையதை எடுத்துப் போனார்கள்.

அடுத்த வாரம் அந்த ஓட்டுநர் அழைத்தார். என் நம்பர் டெலிவரி நோட்டில் இருந்ததாம். தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார்.

"இப்ப ஏத்துறதுக்கு முன்னாடி எங்களையே பொட்டிய பாத்து கையெழுத்து போடச் சொல்றாங்கம்மா. நசுங்கியிருந்தா நாங்க எடுக்கத் தேவையில்ல."

ஹெந்தளைக்கு லோட் இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். என் வேலைக்காலத்தில் வெற்றி பெற்ற எத்தனையோ இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கோப்பில் போட்டு மூடியிருக்கிறேன். அவற்றால் யாருக்கு என்ன மாறியது என்று ஒருவரும் என்னை அழைத்துச் சொன்னதில்லை. பல்கனியிலிருந்து உள்ளே வந்தேன். ஃபோனில் யார் என்று கணவர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர் என்றேன்.