கைக்கு வராத சம்பளம்

பதுளையில் லத்தீப் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் விஜேந்திரனுக்குச் சம்பளம் கூடினால், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவன் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். முதல் தடவை கூடியபோது பெரிய டிவி வந்தது. அடுத்த தடவை லீசிங்கில் மோட்டார் சைக்கிள். மூன்றாவதுக்குக் கட்டிக்கொண்டுபோகும் சோறு நின்று, தினமும் கடைச் சாப்பாடு. எல்லாம் ஒரே மாதத்தில் பழகிப்போகும். பிறகு அது இல்லாமல் முடியாது. மாதக் கடைசியில் கைமாற்று கேட்பது மட்டும் மாறவில்லை.

வீடு கட்டத் தோட்டம் கொடுத்த துண்டு நிலத்தில் அத்திவாரத்தோடு வேலை நின்று புல் முளைத்திருந்தது. லயத்துக் கூரை ஒழுக ஒழுக, மகள் மதுஷா கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துப் படித்தாள்.

நான்காவது தடவை கூடிய அன்று, வாங்கப்போகும் போனின் படத்தை மனைவியிடம் காட்டினான். தயானி அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதை வச்சா ஒழுகுறது நிக்குமா?"

"கூடுன காசுதானே, தயானி."

"இதுக்கு முன்னால கூடுனதெல்லாம் எங்கங்க?"

அவன் டிவியைப் பார்த்தான்.

"என் சம்பளத்துல கோயில் காசு, சங்கக் காசெல்லாம் ஆபீஸிலயே பிடிச்சிட்டுத்தான் தர்றாங்க. அது இல்லாம நம்ம அடுப்பு எரியாமயா போச்சு? கைக்கு வந்தாத்தானே செலவு."

மறுநாள் கடையில் விஜேந்திரன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கூட்டுன காசை என் கையில தராதீங்க முதலாளி. பேங்கில தனிக் கணக்கு திறக்கிறேன், அதுல போட்டுருங்க. கார்டு எடுக்க மாட்டேன்."

லத்தீப் கண்ணாடியைக் கழற்றினார். "சம்பளம் பத்தாதுன்னு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். கூட்டினதைத் தராதீங்கன்னு வந்தவன் நீதான்டா. நாளைக்குக் கேட்டு வந்து நின்னா?"

"நல்லா ஏசித் திருப்பி அனுப்புங்க."

பழைய சம்பளத்தில்தான் வீடு நடந்தது. எதுவும் புதிதாகக் குறையவில்லை. கடைச் சாப்பாடு நின்று, வீட்டுச் சோறு கட்டிக்கொண்டுபோவது திரும்ப வந்தது. தீபாவளி நேரம் ஒரு மாதக் காசை மட்டும் கையில் கொடுங்கள் என்று போய் நின்றான். அவன் சொல்லிவைத்தபடியே முதலாளி ஏசித் திருப்பி அனுப்பினார்.

அடுத்த உயர்வு வந்தபோது, அரிசியும் பருப்பும் ஏறிய அளவுக்கு மட்டும் தயானி வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். மிச்சம் கணக்குக்குப் போனது. பைக் லீசிங் முடிந்ததும் அந்தத் தவணைக் காசையும் அங்கேயே போட்டார்கள்.

கணக்கில் சேர்ந்த காசில் அத்திவாரத்தின்மேல் சுவர் எழும்பியது. கூரைத் தகரத்தை முதலாளி வாங்கிய விலைக்கே கொடுத்து, கடை லொறியிலேயே அனுப்பிவைத்தார். விஜேந்திரன் தவணை இல்லாமல் முழுக்காசும் கட்டினான்.

குடிபோன வாரம் நல்ல மழை. தகரத்தின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. மதுஷா கட்டிலை நகர்த்தாமல் படித்துக்கொண்டிருந்தாள். விஜேந்திரன் கண்ணாடி வெடித்த பழைய போனிலேயே அதைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினான். பிறகு சமையல் பக்கம் போய், தயானி கேட்காமலே தேங்காயைத் துருவ உட்கார்ந்தான்.