நாலு வீதங்களும் ஜுனைதாவும்

ஜுனைதாவைப் பற்றி எழுதுவதென்றால் என் மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பரவாயில்லை. கல்முனையில் ஒரு சின்னக் கணக்காய்வு அலுவலகம் எங்களுடையது. ஏழு வருடமாக நான் அவளுக்கு எதிர்மேசை.

மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். எந்தக் கம்பனியின் கணக்கு வந்தாலும் முதலில் பில் கட்டைத் தொடமாட்டாள். தாளில் கோடு போட்டு, போன வருடத்து வீதம் ஒரு பக்கம், இந்த வருடத்து வீதம் மறுபக்கம் எழுதிவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

"எல்லாப் பில்லையும் பாக்க நமக்கு ஆயுசு இல்ல ஷிப்லி. எது வழமைக்கு மாறி அசையுதோ, அங்க தோண்டுவம்."

நான் அதை வேலைக்கள்ளம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் சீனிமுகம்மது ஹாஜியாரின் அரிசி ஆலைக்குப் போனோம். போன உடனேயே ஹாஜியார் தொடங்கிவிட்டார்.

"நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தஞ்சு கிலோ அரிசி வந்த ஆல இது. இந்த வருசம் அறுபத்திமூண்டு. மிச்சம் எங்க? களஞ்சியக்காரன் கதிர்காமன்தான். திங்கட்கிழம பொலிசுக்குப் போறன்."

சொறிக்கல்முனைக் கதிர்காமன் அங்கே பதினெட்டு வருடம் வேலை செய்தவர். முந்தின நாள்தான், வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கள்ளன் என்று சொல்லி ஹாஜியார் வெளியே அனுப்பியிருந்தார். இருபது வயதில் ஒரு மகள், கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறதாம். இந்தப் பெயரோடு அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

நான் கல்குலேட்டரைத் தட்டினேன். அறுபத்திமூன்று சரி. "களவுதான் ஹாஜியார்" என்று சொல்லியும் விட்டேன். வாய் எனக்கு அப்படித்தான், மூளைக்கு முன்னால் ஓடும்.

ஜுனைதா என்னை முறைத்தாள். பிறகு தவிட்டுக் கணக்கையும் கரண்ட் பில்களையும் கேட்டு வாங்கினாள். ஒரு மணித்தியாலம் கழித்துத் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"அரிசி களவு போனா அரிசி மட்டும்தானே குறையணும்? தவிடும் அதே அளவுக்குக் குறைஞ்சிரிக்கி. நூறு கிலோவுக்கு ஓடுற கரண்டும் அப்படித்தான். கரண்ட ஆரு ஷிப்லி மூட்டையில கட்டித் தூக்கிட்டுப் போறது?"

புத்தகத்தில் உள்ள அளவுக்கு மெஷினுக்குள் நெல் போகவேயில்லை என்று அர்த்தம்.

"அப்ப வராத நெல்லுக்குப் பில் போட்டிரிக்காங்க!" நான் விடுவேனா?

"அப்படியெண்டா காசு கூடப் போயிரிக்கணும், மொத்த லாப வீதம் விழுந்திரிக்கணும். போன வருசமும் பதினொண்டு, இந்த வருசமும் பதினொண்டு. சும்மா இரிங்க."

சும்மா இருந்தேன். எந்த மாதத்து நெல்லை எப்போது குத்தினார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. நெல்லை மாதவாரியாகப் பிரித்தாள். பத்து மாத நெல்லில் அறுபத்தைந்து. பெப்ரவரி, மார்ச்சில் வாங்கிய நெல்லில் மட்டும் அறுபதரை.

மற்ற மாதங்களில் மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் பார்த்தோம். அந்த இரண்டு மாதத்து வவுச்சரில் ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஜுனைதா மேசையில் ஓங்கி அடித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! இஞ்ச பாருங்க!"

அறுவடை நேரத்தில் மழை. காயப்போட இடமில்லாமல், வெட்டும் மெஷினிலிருந்து நேரே ஈர நெல்லை டிராக்டரில் ஏற்றி வந்திருக்கிறார்கள். வவுச்சர்களில் ஈரத்துக்குக் கிலோக்கணக்கில் கழித்துவிட்டுத்தான் காசு கொடுத்திருக்கிறது. நெல் வரவுப் புத்தகத்தில் மட்டும் தராசு காட்டிய முழு நிறை. பிறகு ஆலை முற்றத்தில் காய்ந்து போன தண்ணீரைத்தான் ஹாஜியார் அரிசி என்று தேடிக்கொண்டிருந்தார்!

அதோடும் அவள் விடவில்லை. ஈரத்துக்குக் கழித்த கிலோவைப் புத்தக நிறையிலும் கழித்து மறுபடி கணக்குப் போட்டாள். அறுபத்துநாலு தசம் ஒன்பது. தவிடும் கரண்டும் பழைய இடத்துக்கு வந்தன. களஞ்சியத்தில் மூட்டை மூட்டையாக எண்ணினோம். அதுவும் சரி.

ஹாஜியாருக்கு முன்னால் புத்தகத்தை விரித்தாள். "இது ஆர்ட எழுத்து ஹாஜியார்?"

அறுவடைக் காலத்தில் தராசடியில் வேறு யாரையும் அவர் நம்புவதில்லை. நிறுத்து எழுதுவது அவரேதான்.

"நான் ஈரத்துக்குக் கழிச்சன்தானே மகள்…"

"காசுல கழிச்சீங்க. புத்தகத்துல கழிக்கல்ல."

மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பின்னேரம் கதிர்காமனைக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிழ என்னிலதான் கதிர்காமன். நாளைக்கு வேலைக்கு வாங்க."

கதிர்காமன் உட்காரவில்லை.

"ஓம் முதலாளி, வாறன். ஆனா அண்டைக்குக் கள்ளனெண்டு நீங்க கதவச் சாத்திப்போட்டுச் சொல்லல்லயே."

ஹாஜியார் எழுந்து போய் மெஷினை நிறுத்தச் சொன்னார். வேலையாட்கள் பதினாறு பேரும் தவிட்டுத் தூசியோடு முற்றத்துக்கு வந்தார்கள். ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்துச் சொன்னார்.

"கேளுங்க எல்லாரும். கதிர்காமன் கள்ளனில்ல. கணக்குல பிழ விட்டது நான்."