எல்லாரும் வசதியாகப் படிக்க

கமா அக்காவுக்கு அந்தப் பெயர் வைத்தவன் நான்தான். எங்கள் அலுவலகத்தில் யார் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமாக இருந்தாலும் கடைசியாகப் படித்து ஒப்புதல் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு கமாகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. காலையில் கணவருக்கு ஊசி போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருவார். சீட்டில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் முதல் ஃபைலைத் திறப்பார். நான் அவருக்கு டீம் லீட். வயதில் சின்னவன், வாயில் மட்டும் பெரியவன்.

அப்படிப்பட்டவர் மூன்று மாதமாகத் தப்பு விட ஆரம்பித்தார். போன வாரம் விட்டது பெரிய தப்பு. இருநூறு வரி உள்ள பட்டியலில் இருநூற்றொன்றாவது வரியைத் தேடிப் போய் வாடிக்கையாளரின் திரை அப்படியே நின்றுவிட்டது. 'சிறியது' என்ற குறி இருக்கவேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' இருந்தது. அதற்கு அக்கா ஒப்புதல் கொடுத்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. 'கவனக்குறைவு, இந்த வேலைக்கு இனி ஒத்துவர மாட்டார்' என்று மதிப்பீட்டில் எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக இருந்தார்.

எழுதியதோடு விட்டேனா? வியாழக்கிழமை காலையில் அக்கா சீட்டுக்கே போய் நின்றேன்.

"இவ்ளோ பெரிய குறி, இதுகூடத் தெரியலயாக்கா உங்களுக்கு? எந்திரிங்க, நான் காட்டறேன்."

அவர் எழுந்து தள்ளி நின்றார். நான் உட்கார்ந்து அந்த வரியைத் தேடினேன், சட்டென்று கிடைக்கவில்லை. திரைக்கு மூக்கைக் கொண்டுபோனேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வரிகள். அந்த இடத்தில் எனக்கும் 'சிறியது' மட்டும்தான் தெரிந்தது. அதன் அடியில் 'சமம்' என்று காட்டும் சின்னக் கோடு அந்தப் பழைய மானிட்டரில் கரைந்தே போயிருந்தது. லிகேச்சர் உள்ள எழுத்துரு அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குறிகளை ஒரே வடிவமாகச் சேர்த்து வரைந்து காட்டும். ஃபைலில் இரண்டு குறியும் அப்படியே இருக்கும், பார்க்கிறவருக்கு மட்டும் ஒன்று.

"ஏங்க்கா இப்படி வெச்சிருக்கீங்க? ஃபான்ட்ட மாத்தக்கூடாதா?"

"மாத்தினேன் தம்பி. எழுத்து தடிமன் ஐந்நூறு, வரி உயரம் ஒண்ணு புள்ளி ஆறு, லிகேச்சர் வேண்டாம்னு. எத்தனை தடவ மாத்தினாலும் எடுக்க மாட்டேங்குது. சரி, எல்லாருக்கும் நல்லாத்தானே தெரியுது, நம்ம கண்ணுதான் போச்சுன்னு விட்டுட்டேன். கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவ போயிட்டேன். பவர் மாறலன்னுதான் சொன்னாரு."

செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். அவருடைய சொந்த செட்டிங்கில் அவர் சொன்ன எண்கள் அத்தனையும் சரியாக இருந்தன. ஆனால் எல்லாருக்கும் பொதுவான புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு செட்டிங் ஃபைல் இருந்தால் எடிட்டர் மென்பொருள் அதைத்தான் கேட்கும், ஆளுடைய விருப்பத்தைக் கேட்காது. அந்த ஃபைலைத் திறந்தேன். தடிமன் முந்நூறு, வரி உயரம் ஒன்று புள்ளி இரண்டு, லிகேச்சர் உண்டு. எனக்குப் புதிதாகக் கொடுத்த விலையுயர்ந்த மானிட்டரில் அச்சடித்த மாதிரி பளிச்சென்று இருந்த அதே எண்கள்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருத்தரையும் கேட்காமல் அதை உள்ளே போட்டவன் நான். அக்கா பின்னால் நிற்கிறார் என்பதால் அந்த ஃபைலை மூடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

மூடவில்லை. அந்த மூன்று வரிகளையும் அழித்தேன். உடனே எழுத்து தடித்தது, வரிகள் விலகி உட்கார்ந்தன, அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து நின்றது.

"அட, தெரியுதே!" அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா தம்பி?"

"நல்லா இருக்குக்கா. நான்தான் கெடுத்தேன். அது தெரியாம உங்க மேல எழுதியும் குடுத்துட்டேன். இப்பவே மேனேஜர்கிட்ட போய்த் தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு வரேன்."

 திட்டியிருந்தால் தேவலை. அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். அழித்த வரிகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், யார் எப்போது போட்டார்கள் என்ற விவரம் இன்னும் தெரிந்தது. என் பெயர், தேதி, கூடவே நான் எழுதியிருந்த குறிப்பு. பதினோரு வருஷப் பழக்கம், அக்கா அதையும் விடாமல் வாய்விட்டுப் படித்தார்.

"எல்லாரும் வசதியாகப் படிக்க"

படித்துவிட்டு, "முற்றுப்புள்ளி வைக்கல தம்பி" என்றார். நான் தலைகுனிந்தபடி அவர் நாற்காலியை விட்டு எழுந்தேன்.