சுவரை மறைத்த போட்டோ

எண்பதுகளில் கடன் வாங்கித் திருவானைக்காவலில் வீடு கட்டினோம். சுவர் எழும்ப எழும்பத்தான் கடனைப் பிரித்துத் தருவார்கள். சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் அடுத்த தவணைக்காக இன்ஜினியர் சர்டிபிகேட், செங்கல், சிமெண்ட் பில்கள், வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் போட்டோ ஆகியவற்றைக் கேட்டார்கள்.

புத்தூரிலிருந்து போட்டோக்காரர் வந்தார். டீச்சரான என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். நாங்கள், மேஸ்திரி, சித்தாள்கள், பக்கத்து வீட்டார் என எல்லோரும் நெருக்கியடித்து நின்று சிரித்தோம்.

கடன் ஆபீசில் அதிகாரி சர்டிபிகேட்டையும் பில்களையும் சரிபார்த்துத் தலையசைத்தார். போட்டோவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எல்லாரும் நல்லா விழுந்திருக்கீங்க சார். சுவர் எங்கங்க?”

“எங்களுக்குப் பின்னாடிதாங்க இருக்கு” என்றாள் மனைவி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

“ஆளுங்க இல்லாம நாலு பக்கமும் எடுத்துட்டு வாங்க. நானே சாங்ஷனுக்கு வைக்கிறேன்.”

அப்படியே எடுத்துக் கொடுத்தோம். செக் கைக்கு வந்த அன்று தளத்துக்கான கம்பிக்குச் சொல்லிவிட்டு, வேலையாட்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனோம். கூரையில்லாத அந்த ஹாலில் உட்கார்ந்து, வெயிலைப் பொருட்படுத்தாமல் சாப்பிட்டோம்.